மஞ்சளைக் கழுவிய பிறகு

அந்தமானில் பெரார்கஞ்ச் கடைத்தெருவைத் தாண்டி ஒரு மைல் நடந்தால் நெல் வயல் முடியும், தென்னந்தோப்பு தொடங்கும். தொடங்குகிற இடத்திலேயே ஒரு தகரக் கொட்டகை. இருபத்தேழு வருஷமாக அதில் ராக்கப்பன் குடியிருந்தார். காவல், உரம் வைப்பு, காய் பறிப்பு என்று இருநூற்றுப் பத்து மரங்களுக்கும் அவர் ஒருவர்தான் ஆள்.

பரமக்குடிப் பக்கத்துக்காரர். ரோடு போடும் கான்டிராக்ட் வேலைக்கென்று பதினெட்டுப் பேரில் ஒருவராகக் கப்பலேறி வந்தவர். வேலை முடிந்ததும் பதினேழு பேர் மெயின்லேண்டுக்குத் திரும்பினார்கள். அங்கே இவரை எதிர்பார்த்திருக்க யாரும் இல்லை. தோப்புக்காரர் முத்துகிருஷ்ணன், "போயி என்னடா பண்ணப் போற, இங்கனயே இரு" என்றார். இருந்துவிட்டார்.

வந்த வருஷமே கொட்டகை வாசலுக்கு எதிரே ஒரு தென்னம்பிள்ளை வைத்தார். அதன் அடியில் ஓடைக்கல் ஒன்றை நட்டு மாரியம்மன் என்று கும்பிடத் தொடங்கினார். கல்லும் மரமும் அவருக்கு ஒன்றுதான். வெள்ளிக்கிழமை தோறும் கல்லுக்கு மஞ்சள் பூசுவார். மிச்ச மஞ்சளை மரத்துக்குப் பூசுவார். மரத்தில் நெஞ்சு உயரத்துக்கு ஓர் ஆணி அடித்து, அதில் சங்கிலி போட்டு ஒரு பித்தளை விளக்கைத் தொங்கவிட்டிருந்தார். காலையில் கஞ்சி குடிக்கும்போது மரத்தைப் பார்த்து, "இன்னைக்குத் தெக்குப் பக்கம் களை எடுக்கணும் தாயி" என்பார். பதில் வராது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒருவரிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போவது போல இருக்கும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் முத்துகிருஷ்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. சென்னையில் இருக்கிற மகள் உமா மகேஸ்வரி விமானத்தில் கூட்டிக்கொண்டு போனாள். அதன் பிறகு தோப்புக்கு ஆள் வரத்தே இல்லை. தேங்காய் வியாபாரி மாதம் ஒரு தடவை வருவார், எண்ணுவார், போவார். அங்கன்வாடியில் வேலை பார்க்கிற சுகிர்தா மட்டும் குறுக்குப் பாதைக்காகத் தோப்பு வழியாக நடப்பாள். "என்ன மாமா, சாப்டாச்சா?" என்பாள். நின்று பதில் கேட்க அவளுக்கு நேரம் இருக்காது.

தை கடைசியில் ஒரு காலையில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போனவர், மரத்தில் ஆணிக்குப் பக்கத்தில் செந்நிறமாக ஏதோ வடிந்திருப்பதைப் பார்த்தார். விரலால் தொட்டார். பிசுபிசுத்தது. தோப்பில் வேறு எந்த மரத்தில் வடிந்திருந்தாலும் அன்றைக்கே அரிவாள் முனையால் கீறிப் பார்த்திருப்பார். இந்த மரத்தை அப்படிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அம்மனுக்கு என்ன குறையோ என்றுதான் தோன்றியது. மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து அந்த இடத்தில் அப்பினார். மேலே குங்குமம் வைத்தார். மஞ்சள் கயிறு ஒன்றைச் சுற்றிக் கட்டினார்.

பத்து நாளில் அது மஞ்சளை மீறி வெளியே வந்தது. அன்றைக்குப் பார்த்துச் சுகிர்தா அந்த வழியாக வந்தாள்.

"மாமா, இது ரத்தம் மாதிரி இருக்கு."

"ஆமாத்தா."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு போட்டோ எடுத்தாள். ஊர்க் கோயில் வாட்சப் குரூப்பில் 'தோப்பு அம்மன் மரத்தில் ரத்தம்' என்று எழுதிப் போட்டுவிட்டாள்.

மறுநாள் ஆறு பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் பதினைந்து பேர். வயலுக்கு அந்தப் பக்கத்து ஒச்சம்மா எலுமிச்சம்பழ மாலை கட்டிக்கொண்டு வந்தவள் சாயங்காலம் வரை உட்கார்ந்து பேசினாள். யாரோ ஒருத்தி பொங்கல் வைத்தாள். ராக்கப்பன் கடைத்தெருவுக்குப் போய் ஒரு டஜன் காகிதக் கப்பும் கால் கிலோ டீத்தூளும் வாங்கி வந்தார். அவருடைய கொட்டகையில் ஒரே ஒரு டம்ளர்தான் இருந்தது. அது வரைக்கும் இரண்டாவது டம்ளர் தேவைப்பட்டதில்லை.

நான்காம் நாள் குரூப்பில் சண்டை வந்துவிட்டது. சாமி என்று ஒரு கட்சி, சாயம் என்று ஒரு கட்சி. குரூப்பை நடத்துகிற மளிகைக் கடை ஈஸ்வரன் போட்டோவை எடுத்துவிட்டார். சுகிர்தாவைக் கூப்பிட்டு, "போன்ல இருந்தும் அழிச்சிரும்மா. நாளைக்கு யாராச்சும் சாமிய வச்சு விளையாடுறாங்கன்னு கம்ப்ளைண்ட் போனா நம்ம ரெண்டு பேருக்கும் தலைவலி" என்றார். அவளும் பயந்து அழித்துவிட்டு, அம்மாவைப் பார்க்க மாயாபந்தர் பஸ் ஏறிவிட்டாள்.

சென்னையில் படுக்கையில் கிடந்த முத்துகிருஷ்ணனும் அந்தக் குரூப்பில் இருந்தார். படம் அழிக்கப்பட்டது என்ற வரிதான் அவருக்குக் கிடைத்தது. அதற்குக் கீழே நாற்பது பேர் அவருடைய மரத்தைப் பற்றிச் சண்டை போட்டிருந்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு ராக்கப்பனின் பட்டன் போன் அடித்தது. கொட்டகை முன்னால் ஒச்சம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏண்டா ராக்கு, என் தோப்புல ரத்தம் வடியுதாம். எனக்குச் சொல்லணும்னு தோணலையா?"

"உடம்பு சரியில்லாத மனுசன்கிட்ட எதுக்குண்ணேன்னு..."

"எனக்கு இடுப்புதான் ஒடஞ்சிருக்கு. காது நல்லாத்தான் கேக்குது. போட்டோவ எவனோ தூக்கிட்டான். வேற எடுத்து அனுப்பச் சொல்லு யாரையாச்சும்."

"ஈஸ்வரன் தம்பி ஆரும் படம் எடுக்கக் கூடாதுன்னுருச்சுண்ணே. என் போன்ல படமும் எடுக்காது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இருமல் கேட்டது.

"டீக் ஹை, சரி விடு. எடுத்தாலும் நீ மஞ்சளப் பூசித்தான வச்சிருப்ப, அதுல என்னத்தத் தெரியப் போகுது. நீயே சொல்லு. நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. பாத்ததச் சொல்லு, நெனச்சதச் சொல்லாத. புரியுதா?"

"சரிண்ணே."

"முதல்ல இதக் கேட்டுக்க. உள்ள கொடையற கூன்வண்டு விழுந்திருந்துச்சுன்னா இன்னைக்கே மரத்தச் சாச்சுப் பிளந்து எரிச்சிரணும். மாயாபந்தர்ல என் மச்சினன் ஒரு மரம்தானேன்னு விட்டான். அடுத்த வருசத்துக்குள்ள பதினோரு மரம் போச்சு. அச்சா?"

ராக்கப்பன் மரத்தைப் பார்த்தார். எலுமிச்சை மாலையோடு அது நின்றது. "சரிண்ணே" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"மொதல்ல கீத்தச் சொல்லு. எது மஞ்சளிச்சிருக்கு? நடுக் குருத்தா, வெளி மட்டையா?"

ராக்கப்பன் வாசலை விட்டு இறங்கி நின்று அண்ணாந்தார். இரண்டு வாரமாக இந்த மரத்தின் நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், தலையைப் பார்க்கவில்லை.

"கீழ் வரிசைல நாலு மட்டை மஞ்சளா இருக்குண்ணே. ரெண்டு தொங்கிப் போயிருக்கு. குருத்து நிமிந்துதான் நிக்கிது. பச்சை."

"குருத்து சாஞ்சோ வாடியோ இல்லையே?"

"இல்லண்ணே."

"காய்?"

"குரும்பை கொட்டுது. நாலஞ்சு நாளா கூடுதலா."

"ம். இப்ப வடியற எடத்துக்கு வா. பட்டையில பொத்தல் இருக்கா? விரல் நொழையற மாதிரி?"

"தெரியலண்ணே. மஞ்சள் கெட்டியா இருக்கு."

"நார் துருத்திக்கிட்டு இருக்கா? மென்னு துப்புன மாதிரி?"

ராக்கப்பன் குனிந்தார். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே நார் நாராகச் சில இழைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. வண்டு மென்று வெளியே தள்ளும் நாரை மற்ற மரங்களில் அவர் பார்த்திருக்கிறார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவ்வளவு தூரத்திலிருந்து யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? மரம் அதன்பாட்டுக்கு நிற்கும். நாளைக்கும் ஒச்சம்மா வருவாள்.

ஓடைக்கல்லை ஒரு தரம் பார்த்தார்.

"நார் இருக்குண்ணே" என்றார்.

அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு முத்துகிருஷ்ணன் மெதுவாக, "அது நீ வந்த வருசம் வச்ச பிள்ளைதானடா" என்றார்.

"ஆமாண்ணே."

"என்ன செய்யச் சொல்ற. மத்த மரங்க இருக்கே."

ஒச்சம்மா எழுந்து பக்கத்தில் வந்து, "என்னவாம்ண்ணே?" என்று கேட்டாள். அவர் கையைக் காட்டி அமர்த்தினார்.

"அந்த நாரு ஈரமா இருக்கா, காஞ்சிருக்கா?" போனில் குரல் திரும்ப வந்தது. "எடுத்து மோந்து பாரு. வண்டு மென்னதுன்னா புளிச்ச கள்ளு மாதிரி ஒரு நாத்தம் வரும்."

இழையை எடுக்கப் போனார். அது வரவில்லை. இழுத்ததும் நீளமாக வந்தது. மஞ்சள் கயிறு. அவர் கட்டிய கயிறுதான் வெயிலில் இற்றுப் பிரிந்து மஞ்சளோடு ஒட்டியிருந்தது.

"அண்ணே, இது நான் கட்டுன கயிறு."

"மடப்பயலே." சிரிப்பு வந்தது, அதோடு இருமலும். "மரம்னு பாத்தியா, கயிறுன்னு பாத்தியா. சரி, இன்னும் முடியல. மொத்தத்தையும் கழுவு. அடி வரைக்கும் கழுவு. அதுக்கு அப்புறம் சொல்லு. நான் லைன்ல இருக்கேன்."

போனைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். குடத்துத் தண்ணீரும் தேங்காய் நாரும் எடுத்து வந்து மாலையைக் கழற்றினார்.

"அண்ணே, என்ன செய்றீக?" என்றாள் ஒச்சம்மா.

"கழுவப் போறேன்."

"சாமியவா?"

"மரத்தத்தா."

"போன்ல ஒருத்தரு சொன்னாருன்னு பூசுன மஞ்சளக் கழுவுவீகளா? நல்லாருக்கே."

ராக்கப்பன், "தாயி, பொறுத்துக்க" என்று முணுமுணுத்துக்கொண்டே முதல் தண்ணீரை ஊற்றினார். மஞ்சள் வழிந்து காலடியில் ஓடியது. அந்த இரண்டு பெண்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். தேய்க்கத் தேய்க்க உள்ளே இருந்த பட்டை தெரிந்தது. இரண்டு வாரத்தில் முதல் தடவையாக அந்த இடம் எப்படி இருக்கிறது என்று அவர் பார்த்தார்.

போனை எடுத்தார்.

"சொல்றேண்ணே. பொத்தல் இல்ல. பட்டையில நெடுக்க வெடிப்பு விட்டிருக்கு, மூணு. பெரிய வெடிப்பு ஒரு சாண் நீளம். அதுல இருந்துதான் வடியுது. புதுசா வடியறது செங்காவிக் கலரு, கரைச்ச காவி மாதிரி. கீழ வழிஞ்சு காஞ்சது கறுப்பா ஒட்டிக் கெடக்கு, வெல்லப்பாகு தீஞ்ச மாதிரி."

"சக்கை, தூள், ஏதாச்சும்?"

"இல்லண்ணே. வெறும் சாறுதான்."

"வெடிப்புக்குப் பக்கத்துல அமுக்கிப் பாரு."

கட்டைவிரலால் அமுக்கினார். "உள்ள பொதபொதன்னு அமுங்குது. ஒரு கை அகலத்துக்கு. அதுக்கு மேல கட்டியா இருக்கு."

"மரத்து அடியில காளான் கீளான்?"

சுற்றி வந்து பார்த்தார். "இல்லண்ணே. அடி சுத்தமா இருக்கு. மேலதான்."

"கடைசியா ஒண்ணு. காத மரத்துல வச்சுக் கேளு. வண்டுப் புழு இருந்தா உள்ள கடிக்கிற சத்தம் கேக்கும், கறுமுறுன்னு. அவசரப்படாத. அந்தப் பொம்பளைங்கள பேச்ச நிப்பாட்டச் சொல்லு."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. ராக்கப்பன் கையால் மரத்தைக் கட்டிப் பிடித்துக் காதை வைத்ததுமே அவர்கள் பேச்சு நின்றுவிட்டது. ஈரப் பட்டை கன்னத்தில் குளிர்ந்தது. கண்ணை மூடினார். எங்கோ வயலில் ஒரு கொக்கு கத்தியது. மேலே கீற்று உரசுவது மரத்தின் வழியாக இறங்கி வந்தது. இருபத்தேழு வருஷமாக இந்த மரத்திடம் பேசிக்கொண்டிருந்தவர் அதற்குக் காது கொடுத்தது அன்றைக்குத்தான். வேறு எதுவும் கேட்கவில்லை. இடம் மாற்றி, இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் கீழே வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"சத்தமே இல்லண்ணே."

"பக்காவா?"

"ஆத்தா மேல சத்தியமா இல்ல."

முத்துகிருஷ்ணன் நீளமாக மூச்சு விட்டார். "வண்டு இல்லடா. சாறு வடியற நோயி. பூசணம். மரத்த வெட்ட வேணாம், புண்ண வெட்டணும்."

ராக்கப்பன் கல்லின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"ஆனா ஒண்ணு கேக்கணும். பட்டையில அடிபட்டாத்தான் அந்தப் பூசணம் உள்ள நொழையும். மரத்துக்கிட்ட தீ கீ வச்சியா? காயம் பட்டுச்சா?"

ராக்கப்பன் தலையைத் தூக்கினார். ஆணி. ஆணியில் சங்கிலி, சங்கிலியில் விளக்கு. விளக்குச் சுடர் பட்டையிலிருந்து நாலு விரல் தூரம்தான். அதைச் சுற்றித்தான் மூன்று வெடிப்பும் இருந்தன. ஐப்பசியில் பழைய ஆணி துருப்பிடித்து விழ, பெரிய ஆணி ஒன்றை அறைந்ததும் நினைவுக்கு வந்தது.

"நான்தாண்ணே" என்றார். "ஆணி அடிச்சேன். தெனமும் விளக்கு வச்சேன்."

அந்தப் பக்கத்தில் திட்டு வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

"கும்புடத்தான அடிச்ச" என்றார் முத்துகிருஷ்ணன். "ஆணியப் புடுங்கிரு. விளக்கத் தள்ளி வையி. நாளைக்குச் செய்ய வேண்டியதச் சொல்றேன், கேட்டுக்க."

எல்லாம் சொல்லி முடித்துப் போன் வைத்தபோது ஒச்சம்மா அங்கேயே நின்றிருந்தாள்.

"அப்ப ரத்தம் இல்லையா?"

"இல்லத்தா. மரத்துக்குச் சீக்கு."

"நேத்துவரைக்கும் நீங்கதான தீவாராதனை காட்டுனீக?"

"எனக்குத் தெரியல. தெரிஞ்சப்புறமும் காட்டுனா அவளுக்கே அடுக்காது."

"நான் மாயாபந்தர் வரைக்கும் சொந்தக்காரவுகளுக்குச் சொல்லிட்டேன். நாயித்துக்கிழமை வண்டி பிடிச்சு வாரோம்னாக. இப்ப சீக்கு மரம்னு சொல்லவா?"

"ஆமாத்தா. அப்படியே சொல்லிரு."

அவள் கழற்றிப் போட்டிருந்த மாலையைப் பார்த்தாள். எடுக்கலாமா என்று யோசித்தது தெரிந்தது. எடுக்காமலே போனாள். இரண்டு பெண்களும் பின்னாலேயே போனார்கள். ஒருத்தி பாதி டீயோடு கப்பை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் ராக்கப்பன் குளித்து, கல்லுக்கு முன் விழுந்து கும்பிட்டு, உளியும் சுத்தியலும் எடுத்தார். ஆணியைப் பிடுங்கினார். அழுகிய பட்டையை உளியால் செதுக்கினார். ஒவ்வொரு அடிக்கும் வலி தனக்கு வந்தது போல முகத்தைச் சுளித்தார். பழுப்பும் கறுப்புமாகப் பொதபொதத்துப் போன சதை வந்துகொண்டே இருந்தது; வெள்ளையும் கட்டியுமான மரம் தெரிகிறவரை நிறுத்தக் கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்தார். நிறுத்தவில்லை. செதுக்கிய துண்டு ஒன்றுவிடாமல் சாக்கில் பொறுக்கி, தோப்புக்கு வெளியே வயல் வரப்பில் கொண்டுபோய் எரித்தார். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்து, பிறகு ஒன்றாகக் கலந்து பசையாக்கிப் புண்ணில் பூசினார். நீல நிறம். இரண்டு நாள் காயவிட்டு மேலே தார் அடித்தார். வேர்ப்பாத்தியில் ஐந்து கிலோ வேப்பம் புண்ணாக்கு வைத்துத் தண்ணீர் கட்டினார்.

இடுப்புக்கு மேலே மூன்று சாண் உயரத்துக்குக் கறுப்புப் பட்டையாக இருந்தது மரம். யாராவது புதிதாக வந்து பார்த்தால் சாமி மரம் என்று சொல்ல மாட்டார்கள். புதிதாக யாரும் வரவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டி வரவில்லை. காகிதக் கப்பில் ஏழு மிச்சம் இருந்தன. அவற்றை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிக் கொட்டகையின் வாரையில் சொருகி வைத்தார். விளக்கை மரத்திலிருந்து பத்தடி தள்ளி ஒரு கல்லின்மேல் வைத்தார். அங்கே உட்கார்ந்தால் மரத்தின் தலை முழுதும் தெரிந்தது.

மாசி முடிவதற்குள் சுகிர்தா மாயாபந்தரிலிருந்து திரும்பினாள். கறுத்த மரத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"மாமா, என் மேல கோவமா?"

"எதுக்கு? நீ போட்டோ போட்டதாலதான அண்ணன் கேட்டாரு. கேட்டதாலதான மரம் இருக்கு."

"வேணா இப்ப ஒண்ணு எடுத்து அவருக்கு அனுப்பட்டா? யாருக்கும் தெரியாம."

ராக்கப்பன் யோசித்தார். "இருத்தா, கேட்டுச் சொல்றேன்" என்றார்.

அன்று நாலு மணிக்கும் போன் அடித்தது. வைத்தியம் செய்த நாளிலிருந்து அந்த நேரத்துக்குத் தினமும் அடித்தது. ராக்கப்பன் மரத்தடியில் போய் நின்றுகொள்வார். பார்த்ததை மட்டும் சொல்வார்.

"அண்ணே, அந்தப் பொண்ணு போட்டோ எடுத்து அனுப்புறேங்குது."

"அனுப்பச் சொல்லலாம்" என்றார் முத்துகிருஷ்ணன். கொஞ்சம் பொறுத்து, "அனுப்பிட்டா ஒரு நிமிசத்துல பாத்து முடிச்சிருவேன். அப்புறம் மிச்ச நேரம் இந்தச் சீலிங்கைத்தான் பாக்கணும். நீ சொல்லுடா" என்றார்.

ராக்கப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். போனை இடக்கைக்கு மாற்றினார்.

"தார் காஞ்சு கெடக்குண்ணே. ஓரத்துல ஒரு எடத்துல மட்டும் லேசா ஈரம் தெரியுது, குன்னிமுத்து அளவு. அது நேத்தும் அவ்வளவுதான். பெருசாகல. கீழ ரெண்டு மட்டை விழுந்துருச்சு. மேல குருத்து நேரா இருக்கு. குரும்பை நேத்து நாலு, இன்னைக்கு ஒண்ணுதான் கொட்டுச்சு."

"ம். மேல சொல்லு."

"மேலன்னா..." அண்ணாந்து பார்த்தார். "புதுசா ஒரு பாளை மொகம் காட்டுது. இன்னும் வெடிக்கல."

"எந்தப் பக்கம்?"

"கெழக்கால."

அதற்குப் பிறகு சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. சென்னையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இங்கே கீற்று உரசிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.